பாய்ந்து வருபவர் விட்டுவிட்டு வரும் இடம்

ஆன்லைன் கால்பந்து ஆடுகிற எல்லோரும் ஒருவகை எதிராளியைச் சந்தித்திருப்பார்கள். பந்து உங்கள் ஆளின் காலுக்கு வந்த கணமே அவருடைய டிஃபெண்டர் முழு வேகத்தில் பாய்ந்து வருவார். நீங்கள் பாஸ் கொடுத்தால் பந்தைத் துரத்திக்கொண்டு அடுத்த ஆளிடம் போவார். கூடவே இன்னொருவரையும் அழைத்து வருவார். முதல் பதினைந்து நிமிடம் மூச்சு முட்டும். பாஸ்கள் அவசரத்தில் தவறும், பந்து போகும், ஒரு கோலும் விழுந்துவிடும். இவரைச் சமாளிக்கப் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: வலது ஸ்டிக்கைக் கண்டபடி சுழற்றி, ஸ்கில் மூவ் போட்டு அவரைத் தாண்டப் பார்க்கிறார்கள். பத்தில் எட்டு முறை பந்து பறிபோகிறது.

இந்த ஆட்டக்காரரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் நான் இங்கே விளக்க விரும்புவது. அவர் எங்கிருந்து ஓடி வந்தாரோ அந்த இடம் காலியாகிவிட்டது. பந்து போக வேண்டிய இடம் அதுதான். ஸ்கில் மூவின் வேலை அந்த இடத்துக்குப் பந்தை அனுப்ப ஒரு கோணத்தைத் திறந்து கொடுப்பது மட்டுமே.

இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி விளையாட்டை வைத்தே பேசுகிறேன். 1993 முதல் ஃபிஃபா என்ற பெயரில் வந்துகொண்டிருந்த தொடர் இது. 2023 முதல் இந்தப் பெயரில் வருகிறது. பொத்தான்களின் பெயர்கள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில், கிளாசிக் அமைப்பில் உள்ளபடி. உங்களிடம் எக்ஸ்பாக்ஸ் இருந்தால் பொத்தானின் அடையாளம் மாறும், செயல் மாறாது.

இடைவெளி எப்படி உண்டாகிறது?

பதினொரு பேர் கொண்ட அணியில் மனிதர் ஒரு நேரத்தில் ஓட்டுவது ஒரே ஒரு ஆளைத்தான். மீதிப் பேரைக் கணினி நடத்துகிறது. நான்கு டிஃபெண்டர்களின் வரிசையைக் கணினியிடமே விட்டுவிட்டால் அது ஓரளவு ஒழுங்காக நிற்கும். பந்து நகர நகரத் தானும் நகரும், இரண்டு பேருக்கு நடுவே அதிக இடம் விடாது. மனிதர் அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து முன்னே ஓட்டினால்தான் வரிசையில் ஓட்டை விழுகிறது. பக்கத்தில் இருப்பவர் உள்ளே நகர்ந்து அதை அடைக்கப் பார்ப்பார். ஆனால் அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சிறிது நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

இந்த விளையாட்டில் தடுப்பாட்டம் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. பழைய பதிப்புகளில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், டிஃபெண்டர் தானாகவே போய்ப் பந்தைப் பறித்துவிடுவார். ஃபிஃபா 12 பதிப்பில் அது மாறியது. எதிராளியின் முன்னால் இடைவெளி விட்டு நின்று, சரியான கணம் பார்த்து நாமே கால் வைக்க வேண்டும் என்ற முறை வந்தது. நல்ல டிஃபெண்டர் எல்2 பிடித்து, முகத்தைப் பந்தை நோக்கி வைத்து, பக்கவாட்டில் அடியெடுத்து நகர்வார். பாய்ந்து வருபவரோ ஆர்2 பிடித்து ஓடுகிறார். ஓடுகிற ஆள் திரும்ப வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு மூன்று அடி தள்ளிப்போய்த்தான் திசை மாற முடியும். விளையாட்டுக்குள் உடலின் உந்தம் அப்படித்தான் கணக்கிடப்படுகிறது. கால் வைத்துத் தவறவிட்டால் இன்னும் தாமதம். அந்த அசைவு முடிந்து நிமிரும் வரை அந்த ஆள் ஆட்டத்திலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத இன்னொரு பொத்தான் ஆர்1. தடுப்பவர் அதைப் பிடித்தால் கணினி நடத்தும் இரண்டாவது ஆளும் பந்தை நோக்கி வருவார். உங்கள் மேல் இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் உங்கள் அணியில் ஒருவரை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். பயம் வர வேண்டிய நேரமல்ல அது. தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய நேரம்.

எதிராளி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்டத்தின் தொடக்கத்தில் கோல் அடிக்க அவசரப்படாமல், உங்கள் பின்வரிசையில் சும்மா நாலைந்து பாஸ் போட்டுப் பாருங்கள். அவர் ஸ்ட்ரைக்கரை வைத்துத் துரத்துகிறாரா, மிட்ஃபீல்டரை வைத்தா, சென்டர் பேக்கையே இழுத்துக்கொண்டு வருகிறாரா என்பது தெரிந்துவிடும். திரையின் கீழ் ஓரத்தில் இரு தரப்பிலும் இப்போது ஓட்டப்படுகிற ஆளின் பெயர் தெரியும். பந்து நடு மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்கே ஒரே சென்டர் பேக்கின் பெயர் வந்தால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. அவருக்குப் பின்னால்தான் இன்றைக்கு உங்கள் கோல் இருக்கிறது.

ஒரு தாக்குதலை அடி அடியாகப் பார்ப்போம்

நம் அணி 4-2-3-1 அமைப்பில் ஆடுகிறது. திரையில் இடமிருந்து வலமாகத் தாக்குகிறோம். நடு வட்டத்தைத் தாண்டி நிற்கும் நம் தாக்குதல் மிட்ஃபீல்டருக்குப் பந்து வருகிறது. அவர் கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். பின்னாலிருந்து எதிரணியின் வலது சென்டர் பேக் பாய்ந்து வருகிறார். நம் ஸ்ட்ரைக்கர் இன்னொரு சென்டர் பேக்கின் தோளருகே நிற்கிறார்.

இங்கே முதல் சோதனை. பந்தை வாங்கியதும் திரும்பிக் கோலைப் பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். திரும்பினால் வருகிறவரின் காலுக்கே பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததாகும். எனவே திரும்பாதீர்கள். முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே, பின்னால் நிற்கும் தடுப்பு மிட்ஃபீல்டருக்கு ஒரே தொடுதலில் எக்ஸ் பொத்தானால் எளிய பாஸ். பாஸின் துல்லியம் உடல் பார்க்கும் திசையைப் பெரிதும் சார்ந்தது. முதுகுப் பக்கம் முக்கோணத்தை அழுத்தி த்ரூ பாஸ் போட்டால் பந்து தளர்ந்து, வழி தவறிப் போகும். பந்து நழுவுவதற்குப் பலரும் ஆளின் மதிப்பெண்ணைக் குறை சொல்வார்கள். ஆள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது பந்து தடுப்பு மிட்ஃபீல்டரிடம். அவர் கோலைப் பார்த்து நிற்கிறார், மைதானம் முழுவதும் அவர் கண்முன். பொறுமையான எதிராளி இந்த இடத்தில் சென்டர் பேக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். நம் எதிராளி அனுப்பமாட்டார். அதே ஆளை வைத்தே தொடர்ந்து ஓடி வருவார். பதினைந்து மீட்டர் முன்னேறிவிட்ட சென்டர் பேக் இன்னும் எட்டு மீட்டர் வருகிறார். அவர் விட்டுவந்த இடத்தில் ஒரு வீடே கட்டலாம்.

இந்த நேரத்தில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பாஸ் அல்ல, ஓட்டம். உங்கள் ஆளின் முகத்தை ஸ்ட்ரைக்கர் இருக்கும் பக்கம் வைத்து எல்1 பொத்தானை ஒரு தட்டு தட்டினால் ஸ்ட்ரைக்கர் கோலை நோக்கி ஓடத் தொடங்குவார். தட்டியவுடன் பாஸ் போட்டால் அவர் இன்னும் நின்ற நிலையிலிருந்து கிளம்பியிருக்க மாட்டார், பந்து அவரைத் தாண்டிப் போய்விடும். ரொம்ப நேரம் காத்திருந்தால் ஆஃப்சைட். நடுவில் இருக்கிற அந்த அரை நொடியில்தான் ஸ்கில் மூவுக்கு இடம்.

வருகிற சென்டர் பேக் இப்போது நேர் எதிரே, பாஸ் போக வேண்டிய கோட்டிலேயே இருக்கிறார். முக்கோணத்தை அழுத்தினால் பந்து அவர் காலில் படும். எனவே பந்தைப் பக்கவாட்டில் ஓர் அடி உருட்டுகிறோம். வலது ஸ்டிக்கை இடமோ வலமோ பிடித்தால் ஆள் உள்ளங்காலால் பந்தை அந்தப் பக்கம் உருட்டுவார். பால் ரோல் என்பது இதுதான். இதற்கு ஐந்து நட்சத்திர ஆட்டக்காரர் வேண்டியதில்லை, இரண்டு நட்சத்திரமே போதும். ஆக, உங்கள் தடுப்பு மிட்ஃபீல்டரும் இதைச் செய்வார். இடம், வலம் என்பது திரையை வைத்து அல்ல, உங்கள் ஆள் பார்க்கும் திசையை வைத்து என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அவர் திரையின் வலப்பக்கம் பார்த்து நின்றால் அவருடைய வலக்கைப் பக்கம் என்பது திரையில் கீழ்ப்பக்கம். ஸ்டிக்கைக் கீழே இழுக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் குழப்பம் தருகிற இடம் இதுதான்.

பந்து ஓர் அடி விலகியதும் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முழு வேகத்தில் வந்தவர் நேராகத் தள்ளிப்போகிறார். அவரால் உடனே திரும்ப முடியாது. உங்களுக்கும் ஸ்ட்ரைக்கர் ஓடும் பாதைக்கும் நடுவே இருந்த கோடு திறந்துவிடுகிறது. அவரை நீங்கள் தாண்டவில்லை, தாண்டவும் வேண்டாம். பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே முக்கோணத்தை அழுத்திவிடலாம். அந்த அசைவு முடிந்த கணமே பாஸ் கிளம்பும். முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்து பிறகு அழுத்தினால் ஒரு துடிப்பு தாமதம், அந்தத் தாமதத்தில் ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைட் ஆகிவிடுவார். பொத்தானை அழுத்திய நேரமும் கால் பந்தைத் தொடுகிற நேரமும் ஒன்றல்ல. ஆஃப்சைட் கணக்கிடப்படுவது கால் தொடும் நேரத்தில். ‘நான் சரியாகத்தானே போட்டேன்’ என்று நாம் ஆதங்கப்படுகிற பல ஆஃப்சைடுகளுக்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு நேரம் அழுத்துவது? பாஸின் வேகம் அழுத்திப் பிடிக்கிற நேரத்தைப் பொறுத்தது. இந்தத் தூரத்துக்கு ஆளின் பெயருக்கு அருகே நிரம்புகிற பட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போனால் போதும். முழுக்க நிரப்பினால் பந்து கோல்கீப்பரிடம் போய்ச் சேரும். வெறுமனே தட்டினால் அடைக்க வருகிற பக்கத்து டிஃபெண்டர் இடையில் வாங்கிவிடுவார். குறி ஸ்ட்ரைக்கரின் கால் அல்ல, காலி இடத்தின் நடுப்பகுதி. இடது ஸ்டிக்கை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பாஸ் போடும் முன் ஆர்2 பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டே போடுகிற பாஸ் நின்று போடுகிற பாஸ் அளவுக்குத் துல்லியமாக இருக்காது, ஓடும்போது பந்தும் காலை விட்டுத் தள்ளிப் போகும்.

சடுகுடுவில் பாடிப் போகிறவர் ஓரத்தில் நிற்பவரை ஆசைகாட்டி முன்னே இழுத்துவிட்டு, அவர் விட்ட சந்தில் உள்ளே நுழைந்து வேறொருவரைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதே இழுப்புதான். உங்கள் மிட்ஃபீல்டரின் காலில் இருக்கும் பந்து தூண்டில்.

ஸ்கில் மூவ் எப்போது, எதற்கு?

மேலே சொன்ன தாக்குதலில் பால் ரோலின் பங்கு ஓர் அடிதான். அந்த ஓர் அடியும் எதிராளி ஒன்றரை இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். ஸ்கில் மூவ் ஒவ்வொன்றும் ஓர் அசைவு. தொடங்கிவிட்டால் பெரும்பாலும் நடுவில் நிறுத்த முடியாது. அதற்குள் எதிராளி கால் வைக்கும் தூரத்துக்கு வந்துவிட்டால் பந்து அவருக்குத்தான். நீண்டு, சுழன்று, அழகாகத் தெரிகிற மூவ்களுக்கு ஆபத்து அதிகம். அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாய்ந்து வருகிற ஆளுக்கு எதிரே அவை தேவையில்லை என்பதே என் கருத்து. நின்று, அளந்து, பொறுமையாகத் தடுக்கிற ஆளை ஏமாற்றத்தான் அவை பயன்படும்.

பால் ரோலுடன் இன்னொன்றை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டால் போதும்: ஃபேக் ஷாட். வட்டத்தை அழுத்தி, உடனே எக்ஸ் அழுத்தி, இடது ஸ்டிக்கால் திசை காட்டினால் ஆள் உதைப்பது போல் காலை ஓங்கிவிட்டுத் திரும்புவார். பெனால்ட்டி பகுதியின் விளிம்பில் இது மிகவும் பலனளிக்கும், ஏனென்றால் அங்கே பாய்கிற எதிராளி ஷாட்டைத் தடுக்கத்தான் பாய்கிறார். சதுரப் பொத்தானை அழுத்திச் சறுக்கிக்கொண்டே வருவார். நீங்கள் திரும்பினால் அவர் தரையில். அதன் பிறகும் அவசரப்பட்டு உதைக்க வேண்டாம். பக்கத்தில் ஓடி வரும் ஆளுக்கு ஒரு சிறு பாஸ் பெரும்பாலும் அதைவிட நல்ல முடிவு.

மூவ் முடிந்ததும் ஒரு கணம் தன் கைத்திறமையை ரசிக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கணத்தில் இரண்டாவது ஆள், அதாவது ஆர்1 அழைத்து வந்தவர், வந்துவிடுகிறார். எனவே மூவும் பாஸும் ஒரே செயலாக விரலில் பதிய வேண்டும். தனியாகப் பயிற்சி மைதானத்தில் உருட்டல், முக்கோணம், உருட்டல், முக்கோணம் என்று இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகுவது நல்லது. வேறு மூவ் எதையும் அந்த நேரத்தில் தொடாதீர்கள்.

ஆன்லைன் என்பதால் இன்னொரு தடை வருகிறது. பொத்தான் அழுத்துவதற்கும் ஆள் அசைவதற்கும் நடுவே இணையத் தாமதம் உண்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் அது வேறுபடும். ஆட்டம் தொடங்கியதும் ஆளை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கை நகர்த்திய பிறகு ஒரு தயக்கம் தெரிந்தால் அந்த ஆட்டத்தில் ஸ்கில் மூவை ஏறக்குறைய விட்டுவிட வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில் தொடங்கிய மூவ் எதிராளி முட்டும்போதுதான் திரையில் நடக்கும். அந்த நாட்களில் ஒரே தொடுதல் பாஸ்தான் துணை. பந்து உங்கள் ஆளை வந்தடையும் முன்பே அடுத்த பாஸுக்கான பொத்தானை அழுத்திவிட்டால் தாமதத்தின் பெரும்பகுதி மறைந்துபோகும். எல்1 பிடித்து எக்ஸ் அழுத்தினால் பாஸ் கொடுத்தவரே முன்னே ஓடுவார். அவருக்கே பந்தைத் திருப்பி முக்கோணத்தால் போடலாம். பாய்ந்து வந்தவர் அதற்குள் அவரைக் கடந்திருப்பார்.

எதிராளி திருந்திவிட்டால்?

இப்படி ஒரு கோல் வாங்கிய பிறகும் அதே சென்டர் பேக்கை இழுத்துவருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது கோலும் அதே வழியில் விழும். தொடர்ந்து ஓடி ஓடி அவருடைய ஆட்களின் உடல்திறனும் கரையும். அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு அவர்கள் திரும்பி ஓடுகிற வேகமே குறைந்திருக்கும்.

சற்று யோசிக்கிறவர் வேறு செய்வார். சென்டர் பேக்கை வரிசையிலேயே விட்டுவிட்டு, தடுப்பு மிட்ஃபீல்டரை வைத்து உங்கள் த்ரூ பாஸ் கோட்டில் நிற்பார். அல்லது பாஸ் கிளம்பியதும் முக்கோணத்தைப் பிடித்துக் கோல்கீப்பரை வெளியே ஓடவைப்பார். இரண்டாவதற்கு விடை எளிது: கோல்கீப்பர் பாதி தூரம் வந்துவிட்டால் எல்1 பிடித்து வட்டத்தை அழுத்திப் பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கிவிடலாம், அல்லது பக்கத்தில் ஓடிவரும் ஆளுக்குத் தள்ளலாம். முதலாவதற்குப் பொறுமைதான் விடை. நடுவில் வழி இல்லையென்றால் நடுவில் போடாதீர்கள். மிட்ஃபீல்டரை அவர் பின்னே இழுத்துக்கொண்டார் என்றால் நடு மைதானம் உங்களுக்கு இலவசம். பந்தைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, ஃபுல் பேக் வெளியே வரட்டும் என்று காத்திருந்து, அவருக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவில் திறக்கிற சந்தைத் தேடுங்கள்.

அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. ஒருமுறை இந்த முறையில் கோல் விழுந்துவிட்டால் எங்கே பந்து கிடைத்தாலும் முக்கோணத்தை அழுத்தத் தோன்றும். யாரும் பாய்ந்து வராதபோது வரிசையில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத இடத்தில் போடுகிற த்ரூ பாஸ் எதிராளிக்குக் கொடுக்கிற பாஸ். முன்வரிசைக்கு ஓடிவிட்ட உங்கள் ஆட்கள் திரும்பி வருவதற்குள் அவர் எதிர்த்தாக்குதலில் உங்கள் கோலுக்கு வந்துவிடுவார். அதனால் ஒவ்வொரு முறையும் முக்கோணத்துக்கு முன் ஒரு கேள்வி: யார் இடத்தை விட்டு வந்திருக்கிறார்? பதில் ‘யாருமில்லை’ என்றால் எக்ஸ் அழுத்திப் பின்னே கொடுங்கள். கோல்கீப்பர் வரைக்கும்கூடப் போகலாம். துரத்துகிற பழக்கம் உள்ளவர் அங்கேயும் துரத்திக்கொண்டு வருவார், வரும்போது இன்னும் பெரிய இடத்தை விட்டுவிட்டு வருவார்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை மனதில் வையுங்கள். பலரும் எல்லாக் காசையும் வேகமான ஸ்ட்ரைக்கருக்கே கொட்டுகிறார்கள். இந்த ஆட்டத்துக்கு அதைவிட முக்கியம் நடுவில் நின்று பாஸ் போடுகிறவர். எஃப்சி 24 முதல் ஆட்களுக்குப் பிளேஸ்டைல் என்ற தனித்திறன்கள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றில் இன்சிசிவ் பாஸ் என்பது த்ரூ பாஸின் துல்லியத்தைக் கூட்டுவது. அது உள்ள ஒருவரைத் தடுப்பு மிட்ஃபீல்டிலோ அதற்குச் சற்று முன்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் நடுத்தர வேகக்காரராக இருந்தாலும், காலி இடத்தில் முதல் அடியை அவர் எடுத்துவைத்துவிட்டால் திரும்ப வேண்டிய டிஃபெண்டர் அவரைப் பிடிப்பது கடினம்.

அடுத்த முறை ஒருவர் உங்கள் மேல் பாய்ந்து வரும்போது வலது ஸ்டிக்கைத் தொடும் முன் அவருக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.